அடிவானம் ஏன் கூனுகிறது?

கேள்வி: பைக் ஹேண்டில்பாரில் ஆக்‌ஷன் கேமரா மாட்டி அருப்புக்கோட்டை ரோட்டில் வீடியோ எடுத்தேன். எங்கள் கரிசல் காடு தட்டையோ தட்டை. வீடியோவில் அடிவானம் குன்றுபோல் கூனி, ஒரு பக்கம் சரிந்தும் கிடக்கிறது. மின்கம்பங்கள்கூட வளைந்து நிற்கின்றன. இதை நிமிர்த்தும் வித்தையை யார் கண்டுபிடித்தது? நானே செய்ய முடியுமா?
— வாசகர், மல்லாங்கிணறு

பதில்: கூனல் லென்ஸின் வேலை. சரிவு, கேமராவை நீங்கள் மாட்டிய கோணத்தின் வேலை.

தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் எப்படித் தெரியும் என்று யோசித்த அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், வாளித் தண்ணீருக்குள் படமெடுத்துப் பார்த்து, 1906-ல் 'மீன் கண்' என்று பெயர் வைத்தார். அகன்ற காட்சியைச் சின்னச் சட்டத்துக்குள் அடைக்க, இந்த வகை லென்ஸ் ஓரங்களை நசுக்குகிறது. அதனால் நடுவில் ஓடும் கோடு நேராகவே இருக்கும். நடுவுக்கு மேலே உள்ள அடிவானம் குன்றாகும், கீழே இறங்கினால் கிண்ணமாகும்.

நிமிர்த்தும் வழிகளில் எனக்குப் பிடித்தது டுவேன் பிரவுன் 1971-ல் எழுதியது. கொத்தனாரின் தூக்குக்குண்டுதான் அதற்கு ஆதாரம். வரிசையாக நூல்களைத் தொங்கவிட்டு, குண்டுகள் ஆடாமலிருக்க எண்ணெயில் அமிழ்த்தி, படமெடுத்தார். நூல் நேரானது என்பதில் சந்தேகமில்லை. படத்தில் அது வளைந்தால், அந்த வளைவு முழுக்க லென்ஸின் குற்றம். அதை அளந்து எண்ணாக்கிவிட்டால் எல்லாப் படத்தையும் திருப்பி வளைக்கலாம். உங்களுக்கு நூல் வேண்டாம், சட்டத்தின் ஓரத்தில் வரும் மின்கம்பமே போதும்.

இலவச மென்பொருளான ffmpeg-இல் இப்படிச் செய்யலாம்:

```
ffmpeg -i ride.mp4 -vf "lenscorrection=k1=-0.227:k2=-0.022,rotate=-3*PI/180,crop=iw/1.1:ih/1.1,scale=1920:1080" out.mp4
```

k1, k2 எண்கள் கோப்ரோ வகைக் கேமராக்களுக்குப் பலர் பயன்படுத்துபவை. உங்கள் கேமராவுக்கு மாறலாம். ஓரத்துக் கம்பம் இன்னும் வெளிப்பக்கம் புடைத்திருந்தால் k1-ஐ -0.25 பக்கம் நகர்த்துங்கள். உள்பக்கம் குழிந்தால் மிகையாகிவிட்டது, குறையுங்கள்.

கூனலை எடுத்த பிறகே சரிவை அளக்க வேண்டும். வளைந்த கோட்டில் கோணம் பார்த்தால் ஏமாற்றும். 1920 புள்ளி அகலத்தில் அடிவானத்தின் வலது முனை 100 புள்ளி தாழ்ந்திருந்தால் சரிவு சுமார் 3 பாகை. இடப்புறமாகத் திருப்ப -3. திருப்பியதும் மூலைகள் கறுத்துப்போகும். அதை மறைக்கச் சுமார் 9 சதவீதம் பெரிதாக்க வேண்டும், அதற்குத்தான் 1.1. அந்த அளவுக்கு ஓரக் காட்சி போயே போய்விடும்.

வளைவில் பைக் சாயும் இடங்களுக்கு இந்த ஒற்றைக் கோணம் உதவாது. முடுக்கமானியை மட்டும் நம்பவும் முடியாது: சீராகத் திரும்பும் பைக்கில் விசையெல்லாம் வண்டியின் சாய்வோடேயே இறங்குவதால், அது நிமிர்ந்தே நிற்பதாகக் கருவி நினைத்துக்கொள்ளும். திருப்பத்தை அளக்கும் கைரோ சென்சாரும் வேண்டும். அடிவானத்தைத் தானே நிமிர்த்தும் கேமராக்கள் இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கிடுகின்றன.

ஒரு வேண்டுகோள்: வீடியோவை இந்தக் கட்டளையில் நிமிர்த்தப் போகிறீர்கள் என்றால், எடுக்கும்போது கேமராவின் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு சட்டத்தையும் நகர்த்தி வெட்டுவதால் லென்ஸின் நடு இடம் மாறிக்கொண்டே இருக்கும், மேலே சொன்ன எண்கள் எதுவும் பொருந்தாது.