கமென்ட் கோட் பற்றியதா, ஆளைப் பற்றியதா?

டீம் மீட்டிங்கில் பத்து நிமிடம் ஒதுக்கி, "ரிவ்யூ கமென்ட் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுங்கள்" என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பொறுப்பு வந்ததும் பல லீடுகள் "எல்லோரும் மரியாதையாக எழுதுங்கள்" என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் கமென்ட்களில் 'ப்ளீஸ்' கூடியிருக்கும், குத்தல் மட்டும் குறைந்திருக்காது. மரியாதை பற்றிப் பேசுவதைவிட, ஒரு துண்டு கோடைத் திரையில் போட்டுக் காட்டிப் பேசுவது பலன் தரும்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. உங்கள் டீமில் யாரோ எழுதிய நிஜமான கமென்டைத் திரையில் காட்டாதீர்கள். பெயரை மறைத்தாலும் யார் எழுதியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆளைப் பேச வேண்டாம் என்று சொல்ல வந்த கூட்டமே ஓர் ஆளைப் பற்றிய கூட்டமாகிவிடும். உதாரணத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஜாங்கோ பயன்படுத்தும் டீமுக்கு இது போதும்:

```python
orders = Order.objects.filter(status="paid")
for order in orders:
    rows.append([order.id, order.customer.name])
```

பார்க்கச் சாதுவான மூன்று வரிகள். ஆனால் `customer` என்பது வேறொரு டேபிளைச் சுட்டும் ஃபாரின் கீ. ஆர்டர்களை எடுக்க ஒரு குவெரி போகும். பிறகு லூப்பில் ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரை எடுக்கத் தனித்தனியாக ஒரு குவெரி போகும். 500 ஆர்டர் இருந்தால் மொத்தம் 501 குவெரி.

இதற்கு வரக்கூடிய மூன்று கமென்ட்களை அடுத்தடுத்துக் காட்டுங்கள்.

முதலாவது: "லூப்புக்குள் குவெரி போடக்கூடாது என்று எத்தனை தடவை சொல்வது? டேட்டாபேஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரியுமா?"

இரண்டாவது: "நல்ல முயற்சி! பெர்ஃபார்மன்ஸ் விஷயத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் கவனம் எடுத்துக்கொள்ளுங்கள், ப்ளீஸ்."

மூன்றாவது: "`order.customer` ஒவ்வொரு சுற்றிலும் தனி குவெரி போடுகிறது. 500 ஆர்டருக்கு 501 குவெரி ஆகும். `filter` முடிந்ததும் `.select_related("customer")` சேர்த்தால் ஜாயின் மூலம் ஒரே குவெரியில் வந்துவிடும்."

முதல் கமென்ட் தவறு என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவதில்தான் நின்று பேச வேண்டும். குரல் இனிமையாக இருக்கிறது, ஆனால் 'கவனம் போதவில்லை' என்பது கோட் எழுதியவரைப் பற்றிய தீர்ப்பு. எந்த வரியில் சிக்கல், எதை மாற்ற வேண்டும் என்று அதில் ஒன்றுமே இல்லை. எழுதியவர் தன்னைப் பற்றி ஒரு கெட்ட செய்தியோடு திரும்பிப் போகிறார், கோட் அப்படியே நிற்கிறது.

இந்த இடத்தில் டீமுக்கு ஒரே ஒரு சோதனையைக் கொடுங்கள். எழுதிய கமென்டை அனுப்புவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: இதைத் தவறு என்று யாராலாவது நிரூபிக்க முடியுமா? '501 குவெரி போகிறது' என்பதை நிரூபிக்கலாம், மறுக்கலாம். டெஸ்டில் `assertNumQueries` வைத்தால் எண்ணிக்கை தெரிந்துவிடும். 'உங்களுக்குக் கவனம் இல்லை' என்பதை எந்த டெஸ்டை ஓட்டியும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடிகிற வாக்கியம் கோட் பற்றியது. சரிபார்க்கவே முடியாதது பெரும்பாலும் ஆளைப் பற்றியதாகவோ, ரிவ்யூ செய்பவரின் ரசனையைப் பற்றியதாகவோ இருக்கும்.

இந்தச் சோதனையால் ரிவ்யூ செய்பவருக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. மூன்றாவது கமென்டுக்கு, "இது இரவில் ஓடும் ஜாப், ஒரு தடவைக்குப் பத்து ஆர்டருக்கு மேல் வராது" என்று பதில் வரலாம். "சரி, அப்படியானால் இப்போதைக்கு இருக்கட்டும்" என்று அதை மூடிவிடலாம், யாருக்கும் தோல்வி இல்லை. முதல் கமென்டை எழுதியவருக்கு அந்த வழி கிடையாது. டேட்டாபேஸ் தெரியுமா என்று கேட்ட பிறகு, பத்து ஆர்டர்தான் என்ற பதில் வந்தால் பின்வாங்குவது கஷ்டம். அவர் வாதாடத்தான் செய்வார்.

அடுத்து, ஆள் ஒளிந்துகொள்ளும் சில இடங்களைச் சொல்லுங்கள். 'மறுபடியும்', 'வழக்கம்போல' போன்ற சொற்கள் பழைய கணக்கை இழுத்து வருகின்றன. இன்றைய புல் ரிக்வெஸ்டுக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. 'இது சிம்பிள்தானே' என்பது, தெரியாதவரை மட்டம் தட்டுகிறது. 'ஏன் இப்படிச் செய்தீர்கள்?' என்பது கேட்பவருக்குக் கேள்வியாகத் தோன்றும், படிப்பவருக்கு விசாரணையாகத் தோன்றும். உண்மையிலேயே காரணம் தெரிய வேண்டுமென்றால் கேள்வியைக் கோட் மீது வையுங்கள்: "இங்கே கேஷ் பயன்படுத்தாததற்குக் காரணம் உண்டா? விலை அடிக்கடி மாறுவதாலா?"

'இது குப்பை கோட்' என்பதில் ஆளே இல்லையே என்று யாராவது கேட்பார்கள். அதையும் சோதனையில் போட்டுப் பாருங்கள். குப்பை என்பதை நிரூபிக்க வழியில்லை. 'இந்த ஃபங்ஷன் ஆர்டரைச் சேமிக்கிறது, மெயிலும் அனுப்புகிறது. மெயில் சர்வர் விழுந்தால் ஆர்டரும் தோற்கும்' என்று எழுதினால் அதே கோபத்துக்கு உருப்படியான வடிவம் கிடைக்கும். தரத்தில் கறாராக இருப்பதை யாரும் கைவிட வேண்டியதில்லை. கூகுள் வெளியிட்டிருக்கும் ரிவ்யூ வழிகாட்டியும் இதையே சொல்கிறது: கமென்ட் கோட் பற்றி இருக்கட்டும், எழுதியவரைப் பற்றி வேண்டாம்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே தவறு ஒருவரிடமிருந்தே திரும்பத் திரும்ப வந்தால், அது ஆளைப் பற்றிய விஷயம்தான். ஆனால் அதைப் பேச வேண்டிய இடம் எல்லோரும் படிக்கும் ரிவ்யூ அல்ல. லீட் அவரைத் தனியே உட்கார வைத்து, இரண்டு மூன்று புல் ரிக்வெஸ்டுகளைத் திறந்து காட்டிப் பேச வேண்டும். இடைவெளி, பெயரிடும் முறை போன்றவற்றையும் ரிவ்யூவில் எழுதாமல் லின்டரிடமும் ஃபார்மேட்டரிடமும் விட்டுவிடுங்கள். மிஷின் சொன்னால் யாருக்கும் வலிப்பதில்லை. மாற்றினால் நல்லது, மாற்றாவிட்டாலும் பரவாயில்லை என்கிற சின்ன விஷயமானால் `nit:` என்று தொடங்கி எழுதச் சொல்லுங்கள். ஒரே கமென்டில் இரண்டு முறை பதிலுக்குப் பதில் நடந்தும் முடியவில்லையா? கமென்டை நிறுத்திவிட்டு, போனில் ஐந்து நிமிடம் பேசட்டும். எட்டிய முடிவை ஒரு வரியில் அங்கே எழுதிவிட்டால் பிறகு படிப்பவருக்கும் புரியும்.

கடைசி மூன்று நிமிடத்தில் நீங்கள் பேசாதீர்கள். சிக்கலுள்ள இன்னொரு சின்னக் கோடைத் திரையில் போட்டு, ஆளுக்கு ஒரு கமென்ட் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை மற்றவருக்குக் காட்ட வேண்டாம், ஒவ்வொருவரும் தன்னுடையதைத் தானே சோதித்துப் பார்க்கட்டும்: எந்த வரி, என்ன நடக்கிறது, எதை மாற்றினால் சரியாகும், இந்த மூன்றும் இருக்கிறதா? மறுநாள் முதல் ரிவ்யூவை லீடாகிய நீங்கள் இதே அளவுகோலில் எழுதுங்கள். டீம் உங்கள் பேச்சைவிட உங்கள் கமென்டைத்தான் பின்பற்றும்.