கோப்பு வந்தது, சாவி வரவில்லை

டேட்டா மீட்பு வேலையில் என் மேசைக்கு வரும் சாட் கோப்புகளில் திறக்க முடியாமல் போகிறவற்றில் பெரும்பாலானவை பழுதானவை அல்ல. ஒரு பைட்கூடக் குறையாமல் காப்பி எடுக்கப்பட்டவைதான். அவற்றோடு வர வேண்டிய சாவி மட்டும் வந்திருக்காது. அது பழைய கருவியிலேயே நின்றுவிட்டிருக்கும்.

ஒரு மொழிபெயர்ப்பாளரின் லேப்டாப் விஷயத்தை விவரமாகச் சொல்கிறேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்பவர் அவர். கூலி, கெடு, திருத்தம் எல்லாம் சிக்னல் செயலியில்தான் பேசி முடிவாகும். பழைய போனை விற்று நாளாகிவிட்டது. பழைய உரையாடல்கள் லேப்டாப்பில் இருந்த சிக்னலில் மட்டுமே இருந்தன. அந்த லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. சர்வீஸ் கடையில் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, அவர் கேட்ட ஃபோல்டர்களை எக்ஸ்டர்னல் டிஸ்கில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். புது லேப்டாப்பில் அதே இடத்தில் ஃபோல்டரை வைத்துச் சிக்னலைத் திறந்தால் டேட்டாபேஸ் பிழை என்று வந்து நிற்கிறது.

“ஃபைல் முழுசா இருக்குண்ணா. சைஸ்கூட சரியா இருக்கு. அப்புறம் ஏன் திறக்கல?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்முன் நான் எப்போதும் செய்வது ஒன்று உண்டு. டேட்டாபேஸ் கோப்பின் முதல் 16 பைட்டுகளைப் பார்ப்பேன். விண்டோஸில் சிக்னலின் கோப்புகள் `%AppData%\Signal` ஃபோல்டரில் இருக்கும்; உரையாடல்கள் அதற்குள் `sql\db.sqlite` என்ற கோப்பில். என் மேசையில் லினக்ஸ் கணினி இருப்பதால் இந்தக் கட்டளை போதும்:

```
xxd -l 16 db.sqlite
```

சாதாரண எஸ்க்யூலைட் கோப்பு என்றால் இப்படி வரும்:

```
00000000: 5351 4c69 7465 2066 6f72 6d61 7420 3300  SQLite format 3.
```

பூட்டாத எந்த எஸ்க்யூலைட் கோப்பும் இந்த எழுத்துகளோடுதான் தொடங்கும். மொழிபெயர்ப்பாளரின் கோப்பில் அந்த இடத்தில் தாறுமாறான எண்கள்தான் இருந்தன. சிக்னல் பயன்படுத்துவது எஸ்க்யூஎல்சைஃபர் என்ற வடிவம். அது டேட்டாபேஸை 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஏ.இ.எஸ். 256 பிட் சாவியால் தனித்தனியாகப் பூட்டுகிறது. கோப்பின் தலையெழுத்துகூட வெளியே தெரியாது. ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு முத்திரை இருக்கும். அதுவும் சாவியைக் கொண்டே கணக்கிடப்படுவது.

இதனால் வரும் குழப்பம் ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கோப்பை எஸ்க்யூலைட் நிரல் எதிலாவது திறந்தால் `file is not a database` என்று சொல்லும். கோப்பின் தொடக்கம் உடைந்திருந்தாலும் இதே செய்திதான், சாவி தவறானாலும் இதே செய்திதான். இதைப் படித்துவிட்டுக் கோப்பு கெட்டுப்போச்சு என்று முடிவுகட்டி, டேட்டாபேஸ் ரிப்பேர் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மென்பொருள்கள் சிதைந்த பக்கங்களை ஒழுங்குபடுத்தக்கூடியவை. பூட்டிய பக்கத்தில் அவற்றுக்குப் படிக்க ஒன்றுமே கிடையாது. அழிந்த படத்தையும் கடிதத்தையும் டிஸ்கில் துண்டு துண்டாகத் தேடி எடுக்கும் முறையும் இங்கே பலிக்காது. எந்தத் துண்டை எடுத்தாலும் அர்த்தமில்லாத பைட்டுகள்தான் கிடைக்கும். சாவியை ஊகித்துப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். விநாடிக்கு நூறு கோடி கோடி சாவிகள் என்ற வேகத்தில் முயன்றாலும், எல்லாவற்றையும் முயன்று முடிக்க ஆகும் வருடங்களை எழுத ஐம்பது இலக்கத்துக்கு மேல் வேண்டும். நான் அந்த வழியில் யாருக்கும் நம்பிக்கை கொடுப்பதில்லை.

அடுத்துப் பார்த்தது `config.json`. சிக்னல் ஃபோல்டரிலேயே இருக்கும் சின்ன எழுத்துக் கோப்பு அது. நோட்பேடில் திறந்தாலே போதும். உள்ளே `"key"` என்று ஒரு வரி இருக்கிறதா, `"encryptedKey"` என்று இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 2024-ம் ஆண்டு வரை கணினிச் சிக்னல் டேட்டாபேஸ் சாவியை `"key"` என்ற பெயரில் அப்படியே திறந்து வைத்திருந்தது. 64 எழுத்து, அதாவது 32 பைட். அந்த ஃபோல்டரைக் காப்பி எடுத்தவர் யாராக இருந்தாலும் உரையாடல் முழுவதையும் படிக்கலாம். 2018-லேயே சுட்டிக்காட்டப்பட்ட இந்தக் குறையை 2024-ல் சரிசெய்தார்கள். இப்போது அந்தச் சாவியையே இன்னொரு சாவியால் பூட்டி `"encryptedKey"` என்று வைக்கிறார்கள். ஆகவே மிகப் பழைய காப்பி ஒன்று உங்கள் டிஸ்கில் கிடந்து, அதில் `"key"` என்ற வரி இருந்தால், அதைத் திறக்க முடியும். அதே காரணத்தால் அந்தப் பழைய காப்பியைக் கண்ட இடத்தில் போட்டுவைக்கவும் கூடாது.

மொழிபெயர்ப்பாளரின் கோப்பில் இருந்தது `"encryptedKey"`. அதன் மதிப்பு `763130` என்று தொடங்கியது. எழுத்தாக மாற்றினால் `v10`. விண்டோஸ் கணினியில் இதன் பின்னால் இருக்கும் சங்கிலி இப்படிப் போகும்: இந்தப் பூட்டைத் திறக்கும் சாவி அதே ஃபோல்டரின் `Local State` கோப்பில் இருக்கிறது. அதுவும் பூட்டியே இருக்கும். அதைத் திறப்பது விண்டோஸின் டி.பி.ஏ.பி.ஐ. என்ற பாதுகாப்புச் சேவை. அந்தச் சேவையின் மூலச்சாவி `%AppData%\Microsoft\Protect` ஃபோல்டரில், அந்த விண்டோஸ் பயனர் கணக்கின் பாஸ்வேர்டோடு கட்டுண்டு கிடக்கிறது. சர்வீஸ் கடைக்காரர் காப்பி எடுத்தது சிக்னல் ஃபோல்டரை மட்டும். சங்கிலியின் கடைசிக் கண்ணி பழைய எஸ்.எஸ்.டி.யில் இருந்த விண்டோஸிலேயே நின்றுவிட்டது. புது லேப்டாப்பில் அதே பெயரில் கணக்கு தொடங்கி, அதே பாஸ்வேர்டு வைத்தாலும் அது வேறு கணக்குதான். அதன் மூலச்சாவியும் வேறு.

“படங்களாவது கிடைக்குமாண்ணா?” என்றார். முன்பெல்லாம் இணைப்புப் படங்கள் பூட்டில்லாமல் தனி ஃபோல்டரில் கிடந்தன. புதிய பதிப்புகளில் அவற்றையும் தனித்தனியே பூட்டி, அந்தச் சாவிகளை டேட்டாபேஸுக்குள் வைக்கிறார்கள். டேட்டாபேஸ் திறக்காமல் படமும் இல்லை.

அப்போது நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: “பழைய எஸ்.எஸ்.டி. எங்கேம்மா?” அது இன்னும் கடையிலேயே இருந்தது, மறுநாள் ஃபார்மேட் செய்து வேறு வேலைக்கு எடுக்கப் போகிறார்கள். உடனே போன் போட்டு நிறுத்தச் சொன்னோம்.

முதலில் எஸ்.எஸ்.டி.யை முழுவதுமாக, செக்டர் செக்டராகப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை அதே மாடல் லேப்டாப் ஒன்றில் பொருத்தினேன். பழைய விண்டோஸ் எழுந்தது. வழக்கமாகப் போடும் பின் எண்ணை அது ஏற்கவில்லை, ஏனென்றால் அந்த எண் பழைய மதர்போர்டின் பாதுகாப்புச் சிப்போடு கட்டுண்டது. பாஸ்வேர்டைப் போட்டதும் உள்ளே போக முடிந்தது. அவருக்குப் பாஸ்வேர்டு நினைவிருந்ததுதான் இந்த வேலையைக் காப்பாற்றியது. இணையத்தைத் துண்டித்துவிட்டுச் சிக்னலைத் திறந்தோம், உரையாடல்கள் இருந்தன. தேவையான பகுதிகளை அவரே திரையிலிருந்து படமாக எடுத்துக்கொண்டார்.

பாஸ்வேர்டு மறந்துபோனவர்களுக்குப் பல கடைகளில் ஒரு குறுக்கு வழி செய்கிறார்கள். பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, விண்டோஸ் பாஸ்வேர்டை வலுக்கட்டாயமாக அழித்துவிடுவார்கள். கணக்குக்குள் போய்விடலாம், கோப்புகளும் தெரியும். ஆனால் டி.பி.ஏ.பி.ஐ. மூலச்சாவி பழைய பாஸ்வேர்டோடுதான் கட்டுண்டிருக்கிறது; புதிய பாஸ்வேர்டால் அது திறக்காது. பழைய பாஸ்வேர்டைத் தெரிந்து, அதைக் கொடுத்து மாற்றினால் விண்டோஸ் மூலச்சாவியையும் சேர்த்தே புதுப்பித்துக்கொள்ளும். அழித்து மாற்றினால் புதுப்பிக்காது. சிக்னல் இருக்கும் கணினியில் இந்தக் குறுக்கு வழியை நான் தொடுவதே இல்லை.

கணினியில் இவ்வளவாவது வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் பிடி இன்னும் இறுக்கம். அங்கேயும் சிக்னலின் டேட்டாபேஸ் அதே எஸ்க்யூஎல்சைஃபர்தான். அதன் சாவி செயலியின் அமைப்புக் கோப்பில் பூட்டிய நிலையில் இருக்கும். அந்தப் பூட்டின் சாவி ஆண்ட்ராய்டு கீஸ்டோரில் இருக்கிறது. இன்றைய போன்களில் அது பிராசஸரின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் பிறந்து அங்கேயே இருப்பது. செயலி அதனிடம் இதைத் திறந்து கொடு என்று கேட்கலாம். சாவியையே கொடு என்று கேட்க முடியாது. போனை ரூட் செய்து ஃபோல்டர் முழுவதையும் காப்பி எடுத்து இன்னொரு போனில் வைத்தாலும், அந்தப் போனின் சிப் வேறு, சாவி வேறு. ஃபேக்டரி ரீசெட் செய்தால் அந்தச் சாவி அழிந்துவிடும். போர்டை மாற்றினாலும் அதே கதிதான்.

அதனால் போன் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது போர்டு உயிரோடு இருக்கிறதா என்பதைத்தான். திரை உடைந்து, டச் வேலை செய்யாமல் இருப்பது சாவி தொலைந்ததாக ஆகாது. திரையை மாற்றியோ, ஓ.டி.ஜி. வழியாக மவுஸ் இணைத்தோ லாக்கைத் திறந்துவிட்டால் செயலியே தன் டேட்டாபேஸைத் திறந்துகொள்ளும். தண்ணீரில் விழுந்த போனிலும் சிப்புகளை எடுத்து வேறு போர்டில் வைப்பதைவிட, அந்தப் போர்டையே எழுப்பப் பார்ப்பதுதான் பலன் தரும்.

வாட்ஸ்அப் இதில் வேறு ரகம். போன் சேமிப்பில் தெரியும் `msgstore.db.crypt14` காப்புக் கோப்பும் பூட்டியதுதான். ஆனால் அதே எண்ணைப் புதுப் போனில் ஓ.டி.பி. மூலம் உறுதிசெய்தால் சாவி வாட்ஸ்அப் சர்வரிலிருந்து வந்துவிடும். ஆகவே அங்கே காப்பாற்ற வேண்டியது சிம் எண். முழுமறையாக்கக் காப்பு இயக்கியிருந்தால் கோப்பு `crypt15` என்று முடியும்; அதற்கு நீங்கள் வைத்த பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ வேண்டும். அது தொலைந்தால் எண் கையில் இருந்தும் பயனில்லை.

ஆண்ட்ராய்டு போனில் சிக்னலின் உள்ளூர்க் காப்பை இயக்கும்போது அது 30 இலக்க எண் ஒன்றைக் காட்டும். `.backup` என்று முடியும் அந்தக் கோப்பு கருவியின் சிப்பை நம்பியிருப்பதில்லை, அந்த 30 இலக்கத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. எந்த ஆண்ட்ராய்டு போனிலும் அதைத் திறக்கலாம். போன் நன்றாக இருக்கும்போதே அந்த எண்ணைத் தாளில் எழுதி, போனுக்கு வெளியே வையுங்கள். எழுதியது சரிதானா என்று சோதிக்கும் வசதியும் அமைப்புகளிலேயே இருக்கிறது. காப்புக் கோப்பை அவ்வப்போது கணினிக்கு மாற்றுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்க நேர்ந்தால் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: ரீசெட் வேண்டாம், பாஸ்வேர்டை அழிக்க வேண்டாம், பழைய போர்டையும் டிஸ்கையும் என்னிடமே திருப்பித் தரவும்.