முந்திரிப் படம் வந்தால்

கண்ணு, நாவலூர் குட்டப்பட்டுக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கும் சேர்ந்துவிட்டாய். இனி தை பிறந்தால் போதும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்துச் செம்மண் கொல்லைகளிலிருந்து உன் கைபேசிக்குப் படங்கள் வந்துகொண்டே இருக்கும். 1995 வரை அந்த ஊர்களும் திருச்சி மாவட்டம்தான். அந்த நாளிலிருந்தே எனக்கு அந்தக் கொல்லைகள் பழக்கம். கருகிய துளிர், புள்ளி விழுந்த கொட்டை, வெம்பிய பழம், கூடவே “என்ன மருந்து அடிக்கலாம்?” என்று ஒரு வரி. அதற்கு நீ எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதை எழுதி வைக்கிறேன்.

1. படம் வந்த நிமிடமே மருந்தின் பெயரை எழுதி அனுப்பாதே. முதலில் மூன்று படம் கேள்: மரம் முழுதும் ஒன்று, கிளை ஒன்று, காயம் தெரியும்படி கிட்டத்தில் ஒன்று. கிட்டத்துப் படத்தில் விரலையோ ஒரு ரூபாய்க் காசையோ பக்கத்தில் வைக்கச் சொல். அளவு தெரியாமல் காயத்தைப் பற்றி எதுவும் பேச முடியாது. எந்த ரகம், மரத்துக்கு என்ன வயது, கடைசியாக எப்போது மழை பெய்தது என்றும் விசாரி. கேள்வி கேட்டால் நமக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று கூச்சப்படாதே. கேட்கிறவளைத்தான் விவசாயி நம்புகிறார்.

2. காயத்தைப் படிக்கப் பழகு. இங்கே முந்திரியின் பெரிய எதிரி தேயிலைக் கொசு. பெயரில்தான் கொசு, உண்மையில் அது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. இளந்துளிர், இலைக்காம்பு, பூங்கொத்தின் கிளை, பிஞ்சுக் கொட்டை, பழம் எல்லாவற்றிலும் ஊசி வாயைக் குத்தி எச்சிலை விடும். அந்த எச்சிலில் நஞ்சு இருக்கிறது. குத்திய இடம் முதலில் நீர் ஊறியதுபோல் இருக்கும், பிறகு பழுப்பாகும், பிறகு கறுக்கும். துளிரில் அது நீளவாக்கில் தனித்தனித் தழும்பாக நிற்கும். தழும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் நுனி காய்ந்து தொங்கிவிடும். ஒரு தழும்பில் பிசின் துளி ஈரமாக மின்னினால் காயம் புதிது. காய்ந்து வெடித்துச் சாம்பல் பூத்திருந்தால் பழையது. பழைய காயத்துக்கு மருந்து அடிப்பது காசை மண்ணில் கொட்டுவதற்குச் சமம், அதைச் செய்த பூச்சி எப்போதோ போயிருக்கும்.

பூஞ்சாணக் கருகலும் தூரத்தில் இப்படித்தான் தெரியும். ஆனால் அது மழையோ கடும்பனியோ விடாமல் இருந்த நாட்களை ஒட்டி வரும். முற்றிய இலையிலும் ஒழுங்கற்ற பழுப்புத் திட்டு பரவும். பூச்சி குத்திய வழியாகவே பூஞ்சாணமும் நுழையும் என்பதால், முழுக்கக் கருகிய பூங்கொத்தின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இது இன்னதுதான் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட படம் வந்தால், பாதி கெட்ட கொத்து ஒன்றை அதே மரத்தில் தேடி எடுத்து அனுப்பச் சொல். சான்று அங்கேதான் இருக்கும்.

3. பூச்சி படத்தில் இல்லை என்றால் கொல்லையிலும் இல்லை என்று எண்ணாதே. வெயில் ஏறியதும் அது இலைமறைவில் ஒதுங்கிவிடும். விடிந்ததும் அல்லது பொழுது சாய்ந்த பிறகு போனால் துளிர்களில் பார்க்கலாம். ஒல்லியான உடம்பு, கறுத்த தலை, செம்பழுப்பு மார்பு, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளம். முதுகின்மேல் குண்டூசிபோல் தலை தடித்த ஒரு முள் நிமிர்ந்து நிற்கும். அந்த முள்ளைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். குஞ்சுகளைப் பலர் எறும்பு என்று விட்டுவிடுவார்கள். கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இளந்தண்டைத் திருப்பிப் பார்: முட்டை திசுவுக்குள் புதைந்திருக்கும், வெளியே இரண்டு வெள்ளி இழைகள் மட்டும், ஒன்று நீண்டும் ஒன்று குட்டையாகவும் நீட்டிக்கொண்டிருக்கும். முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இன்று தெளித்த மருந்துக்குத் தப்பி அடுத்த வாரம் வருவது அந்தக் கூட்டம்தான்.

4. காய் வளரும் வரிசையை மனத்தில் பதித்துக்கொள். மற்ற அறிவுரைகள் மறந்தாலும் இதை மறக்காதே. முந்திரியில் முதலில் வளர்வது கொட்டை. பிஞ்சு பிடித்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் அது முழு அளவைத் தொட்டுவிடும். அப்போது பச்சையாக, பின்னால் இருக்கப்போவதைவிடச் சற்றுப் பருமனாகவே இருக்கும். அதன்பின் ஓடு இறுகி, கொட்டை கொஞ்சம் சுருங்கிச் சாம்பல் நிறத்துக்குத் திரும்பும். நாம் பழம் என்கிறோமே, அது பூக்காம்பு பருத்தது. கடைசி இரண்டு வாரத்தில்தான் அது விறுவிறுவென்று ஊதும். பிஞ்சு பிடித்ததிலிருந்து பழம் உதிர இரண்டு மாதம் என்று வைத்துக்கொள். பெரிய பச்சைக் கொட்டையும் அதன் தலையில் சுண்டுவிரல் அளவுக் காம்பும் உள்ள படத்தை அனுப்பி “பழம் பெருக்கவே இல்லை, நோயா?” என்று கேட்பார்கள். நோய் இல்லை, அதன் காலம் இன்னும் வரவில்லை.

இந்த வரிசை தெரிந்தவளுக்குப் படமே நாட்காட்டி. பட்டாணி அளவில் கறுத்துச் சுருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும் பிஞ்சு, பிடித்த உடனேயே குத்துப்பட்டது. முழுக் கொட்டையில் சொறிபோலக் குழிந்த கரும்புள்ளி இருந்தால், ஓடு இறுகுமுன் குத்து விழுந்து வாரங்கள் ஆகிவிட்டன. அத்தனை வளர்ந்த கொட்டையைத் தேறாது என்று தள்ளிவிடாதே, உடைத்துப் பருப்பைப் பார்த்துவிட்டுப் பேசு. கொட்டை சுத்தமாக இருந்து பழத்தில் மட்டும் ஈரமான புதுப்புள்ளி தெரிந்தால், பூச்சி இப்போதும் கொல்லையில் இருக்கிறது. ஒரே கொத்தில் இந்த மூன்றும் இருந்தால் அது பருவம் முழுக்க அங்கேயே குடியிருக்கிறது.

5. படத்திலிருந்து மரத்துக்குப் போ. ஒரு மாசி மாதம் ஆண்டிமடம் பக்கத்துக் கொல்லை ஒன்றிலிருந்து வந்த படத்தில் ஒரு கிளை முழுக்கக் கருகியிருந்தது. பார்த்தவர் யாரும் தோட்டமே போச்சு என்றுதான் சொல்வார். மருந்தும் வாங்கி வைத்துவிட்டார்கள். விடியற்காலையில் போய் எண்ணினோம். எண்ணும் முறை எளிது: திசைக்குப் 13 துளிர், மரத்துக்கு 52. தழும்பே இல்லாததற்கு 0; மூன்று தழும்பு வரை 1; நான்கு முதல் ஆறு வரை 2; அதற்கு மேல் இருந்தால் 3; முழுக்கக் காய்ந்ததற்கு 4. கொல்லையின் நடுவே இருந்த மரங்களில் ஏறக்குறைய எல்லாமே பூஜ்யம். மேற்கு வரப்பு ஓரத்து மரங்களில் மட்டும் 3, 4. அந்த வரப்பில் வரிசையாக வேம்பு, நடுவில் இரண்டு கொய்யா. வேப்பங்கொழுந்தும் நுனி கருகித் தொங்கியது, கொய்யாக் காய் முழுக்கச் சொறி. மருந்து தேவைப்பட்டது ஓரத்து மரங்களுக்கு மட்டும்தான். படம் எடுத்தவர் பொய் சொல்லவில்லை, கண்ணு. கெட்டுப்போனதைத்தான் மனிதன் படம் எடுப்பான். நல்ல கிளையை யாரும் அனுப்புவதில்லை என்பதை நீதான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

6. அந்தப் பூச்சிக்கு வேம்பும் கொய்யாவும் சொந்த வீடு. நம் ஸ்ரீரங்கத்துக் கொல்லைப்புறத்துக் கொய்யாவிலேயே அதன் கைவரிசையைப் பார்க்கலாம். கொள்ளிடம் தாண்டிப் போகத் தேவையில்லை. காயில் தக்கைபோல் எழும்பும் சொறியைச் சில நாள் தொடர்ந்து பார்த்துப் பழகு, முந்திரிப் படத்தில் தானாகவே கண் போய் நிற்கும். அதற்காக வேம்பை வெட்டச் சொல்லாதே. துளிர்விடும் காலத்தில் அந்த ஓரத்தை முதலில் போய்ப் பார்க்கச் சொல், போதும்.

முசுறு இலைகளைப் பின்னிக் கூடு கட்டியிருக்கும் முந்திரி மரத்தில் தேயிலைக் கொசுவின் சேதம் பெரும்பாலும் குறைவு. பறிக்கிறவர்களைக் கடிக்கிறது என்று கூட்டைக் கொளுத்துகிறார்கள், அது எனக்கு எப்போதும் வருத்தம். பறிப்புக்கு முன்பு வரையாவது அதை விட்டு வைக்கச் சொல்லிப் பார்.

7. மருந்து என்று எழுதுமுன் காசர்கோட்டை நினைத்துக்கொள். அங்கே 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை அரசு முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பானைத் தெளித்தார்கள். எந்தப் பூச்சிக்குத் தெரியுமா? இதே தேயிலைக் கொசுவுக்கு. கீழே கிணறும் ஓடையும் வீடுகளும் இருந்தன. ஊனத்தோடும் தீராத நோயோடும் பிள்ளைகள் வளர்ந்த அந்த ஊர்களின் போராட்டத்துக்குப் பிறகு, 2011இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுதும் அதைத் தடை செய்தது. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத பூச்சிக்காக ஊரையே நனைத்தார்கள் என்பதை நம் தொழிலில் இருக்கும் யாரும் மறக்கக் கூடாது.

தெளிக்க வேண்டியிருந்தால் அதற்கு மூன்று பருவம்: துளிர் விடும்போது, பூங்கொத்து கிளம்பும்போது, பிஞ்சு பிடிக்கும்போது. மூன்றிலும் அடித்தே ஆக வேண்டும் என்று இல்லை. எண்ணிப் பார்த்துத் தேவை இருந்தால் மட்டும். பூ விரிந்திருக்கும் நேரத்தில் தேனீ வரும், ஆகையால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். எந்த மருந்து, எத்தனை மில்லி என்பதை ஆண்டுக்கு ஒருமுறை விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ, நமக்குப் பக்கத்துச் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுத் தெரிந்துகொள். பழைய குறிப்பேட்டில் இருப்பதை அப்படியே எடுத்துக் கொடுக்காதே. நேற்றுப் பரிந்துரைத்தது இன்று தடையில் இருக்கலாம்.

8. பழுத்துவிட்டதா என்று கேட்டால் நிறத்தை மட்டும் வைத்துச் சொல்லாதே. சில மரத்தில் மஞ்சள், சிலதில் சிவப்பு. சாயங்கால வெயிலில் எடுத்த படத்தில் எல்லாமே பழுத்ததுபோல் இருக்கும். கொட்டையைப் பார்: பச்சை முழுக்கப் போய்ச் சாம்பல் ஏறியிருக்க வேண்டும். பழம் விறைப்பு தளர்ந்து மணக்க வேண்டும். நன்றாகப் பழுத்ததைக் காத்திருந்தால் மரமே உதிர்க்கும். உதிர்ந்ததைப் பொறுக்கித் திருகி எடுக்கும் கொட்டைதான் தரமானது. திருட்டுக்குப் பயந்தும் கைமாற்றுக் கடனுக்காகவும் பச்சையிலேயே உலுக்கிவிடுகிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ளாதே. ஒரு வாளித் தண்ணீரில் பச்சைக் கொட்டை ஒரு பிடி, உதிர்ந்த கொட்டை ஒரு பிடி போட்டுக் காட்டு: முற்றியது மூழ்கும், வெம்பியது மிதக்கும். மூழ்கியதை ஈரம் போக இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்த பிறகே மூட்டை பிடிக்கச் சொல். பழம் ஒரு நாளுக்கு மேல் தாங்காது, அதை அன்றே தின்னவோ சாறு பிழியவோ வேண்டும். புள்ளி விழுந்த கொட்டைகளைத் தனியாகக் குவித்து, அதிலும் ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுப் பார்த்த பிறகு விலை பேசச் சொல். சொறியைக் காட்டி முழு மூட்டைக்கும் விலையைக் குறைக்கிற வியாபாரியிடம் அந்த ஒரு வாளித் தண்ணீர் விவசாயிக்காகப் பேசும்.