“போட்டது ஒண்ணு, வந்தது ஒண்ணு” என்று வாங்கியவர் சொன்னால்…

நேரடி விற்பனையில் இறங்கிய உழவர் எல்லோருக்கும் ஒரு நாள் இந்தச் செய்தி வரும். எனக்கு வந்தது இரண்டாவது வருடம், சித்திரையில். கோவையில் இருந்து ஒரு அம்மா 5 கிலோ மாப்பிள்ளைச் சம்பா அரிசி வாங்கியிருந்தார். பத்து நாள் கழித்து போனில் செய்தி அனுப்பினார்:

“ஐயா, கைக்குத்தல் அரிசின்னு போட்டிருந்தீங்க. உலக்கையில குத்தினது இப்படி ஒரே சீரா இருக்காது, எங்க அம்மாயி குத்தி நான் பார்த்திருக்கேன். படத்துல நல்ல சிவப்பு, வந்தது பழுப்பு. புட்டுக்குன்னு 2 கிலோ அரைச்சேன், மாவு சரியா வரலை. சரி சோறாவது ஆக்கலாம்னா, ஆறு விசில் விட்டும் கல்லு மாதிரி இருக்கு. விளம்பரத்தை நம்பி ஏமாந்துட்டேன்.”

படித்ததும் கோபம்தான் வந்தது. ஆறு மாதம் வயலில் நின்றது, ஒரு சொட்டு மருந்து அடிக்காமல் விளைவித்தது எல்லாம் நினைவுக்கு வந்தது. அதையெல்லாம் சேர்த்து நீளமாக ஒரு பதில் எழுதிவிட்டேன். அனுப்பும் முன் வீட்டம்மா வாங்கிப் படித்துவிட்டு, “ஏங்க, அவங்க கைக்குத்தலான்னு கேட்டாங்க. நீங்க கைக்குத்தலா இல்லையான்னு எங்கயுமே சொல்லலையே” என்றார். உண்மைதான். அந்தப் பதிலை அழித்தேன்.

முதலில் வவுச்சரை எடு

முப்பது வருடம் வங்கியில் இருந்தவன் நான். வாடிக்கையாளர் புகார் எழுதினால் நாங்கள் முதலில் பேனாவை எடுக்க மாட்டோம். அன்றைய வவுச்சரை எடுத்துப் பார்ப்போம். இங்கே வவுச்சர் என்பது நாம் போட்ட விளம்பர வாசகம். அதுவும் அவர் ஆர்டர் போட்ட நாளில் அது எப்படி இருந்ததோ, அப்படி.

பலர் செய்கிற தவறு ஒன்று உண்டு. புகார் வந்த உடனே பதற்றத்தில் வாசகத்தைத் திருத்திவிடுவார்கள். பிறகு வாங்கியவர் தன் போனில் எடுத்து வைத்த பழைய படத்தைக் காட்டினால், திருடி மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். முதலில் இருக்கிறபடியே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். திருத்தம் பதில் எழுதிய பிறகு செய்யலாம்.

நான் போட்டிருந்தது இதுதான்: “பாரம்பரிய மாப்பிள்ளைச் சம்பா கைக்குத்தல் அரிசி. ரசாயனம் இல்லாமல் விளைந்தது. 5 கிலோ, ரூ.475. சமைக்கும் முன் 8 மணி நேரம் ஊறவைக்கவும்.” மேலே ஒரு படம்.

அடுத்து பொருளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் அரை கிலோ தனியே எடுத்து, தேதி எழுதிக் கட்டி வைப்பது என் வழக்கம். அந்தப் பையைப் பிரித்து நாங்களே சமைத்துப் பார்த்தோம். பாதியை ஊறவைக்காமல் ஆறு விசில் விட்டோம். அந்த அம்மா சொன்னது சரி, நடுவில் கடிபடுகிறது. மீதியை இரவு முழுக்க ஊறவைத்து, ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டு, அதே ஆறு விசில் விட்டோம். நன்றாக வெந்திருந்தது.

ஒரே புகாரில் மூன்று கேள்விகள்

அவர் “ஏமாந்துட்டேன்” என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும், உள்ளே இருப்பது மூன்று தனித்தனிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. மொத்தமாக “மன்னிக்கணும்” என்றாலும் பொய், மொத்தமாக “எங்க மேல தப்பில்லை” என்றாலும் பொய்.

முதலாவது, கைக்குத்தல். எங்கள் நெல் மில்லில் ரப்பர் உருளை இயந்திரத்தில் உமி நீக்கியது. கடையில் தவிடு நீக்காத அரிசி எல்லாவற்றுக்கும் “கைக்குத்தல்” என்றே பேர் ஆகிவிட்டது. நானும் அப்படியே போட்டுவிட்டேன். ஆனால் அந்த அம்மா சொன்னதுதான் நடப்பு. உரலில் குத்தினால் தவிடு அங்கங்கே உரிந்து, அங்கங்கே ஒட்டியிருக்கும். நொய் கூடுதலாக இருக்கும், ஒன்றிரண்டு நெல்லும் கிடக்கும். ரப்பர் உருளையில் உமி மட்டும் கழன்று, தவிடு முழுசாக, ஒரே சீராக நிற்கும். தவிட்டுக் கணக்கில் பார்த்தால் நம் அரிசியில் குறைவில்லை. ஆனாலும் கையால் குத்தாததைக் கைக்குத்தல் என்று எழுதினது தவறு. “எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க” என்பது வங்கித் தணிக்கையிலும் செல்லாது, இங்கேயும் செல்லாது.

இரண்டாவது, நிறமும் புட்டும். இங்கேதான் எனக்கு உறைத்தது. படம் போன வருடம் எடுத்தது, அது பச்சரிசி. மில்லில் நிறைய உடைகிறதே என்று இந்த வருடம் நெல்லைப் புழுக்கி அரைத்தோம். சிவப்பு நெல்லைப் புழுக்கினால் ஊறும் தண்ணீரிலேயே கொஞ்சம் சாயம் இறங்கும். அரிசி பழுப்பாக மாறும். மாவும் பச்சரிசி மாவு போல நடக்காது. படத்தை நான் மாற்றவில்லை. அதைவிட, பச்சரிசியா புழுங்கலா என்று வாசகத்தில் ஒரு வார்த்தை இல்லை. நான் பொய் எழுதவில்லை. எழுத வேண்டியதை எழுதவில்லை. வாங்குகிறவர் படத்தை வைத்துத்தான் முடிவு செய்வார். 2 கிலோ வீணானது அந்த ஒரு வார்த்தையால்.

மூன்றாவது, வேகவில்லை என்பது. ஊறவைக்கச் சொல்லி எழுதியிருந்தேன். அவர் கவனிக்கவில்லை போலிருக்கிறது. இதில் நம் பக்கம் சரி. ஆனால் அதைச் சொல்லும் முறை இருக்கிறது. “நீங்க ஒழுங்காப் படிக்கலை” என்றால் முதல் இரண்டில் ஒப்புக்கொண்டதெல்லாம் வீண். நாம் செய்து பார்த்ததை மட்டும் சொன்னால் போதும், மீதியை அவரே புரிந்துகொள்வார்.

அனுப்பிய பதில்

“வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியதைப் படித்து, உங்களுக்கு அனுப்பிய அதே அரிசியின் மாதிரியை எடுத்து வீட்டில் பார்த்தோம்.

1. கைக்குத்தல் என்று நான் போட்டது தவறு. இது மில்லில் ரப்பர் உருளையில் உமி மட்டும் நீக்கியது. தவிடு நீக்கவில்லை, பாலிஷ் செய்யவில்லை. ஆனால் உலக்கையால் குத்தியது அல்ல.

2. படத்தில் உள்ளது போன வருடப் பச்சரிசி. உங்களுக்கு வந்தது இந்த வருடப் புழுங்கல் அரிசி. அதனால்தான் நிறம் மாறியிருக்கிறது, புட்டு மாவும் சரியாக வரவில்லை. புழுங்கல் என்று நான் எழுதாமல் விட்டது என் பிழை. ஒரு மணியை உடைத்துப் பாருங்கள். உள்ளே கண்ணாடி போல் இருந்தால் புழுங்கல், வெள்ளையாக மாவு போல் இருந்தால் பச்சரிசி.

3. ஊறவைக்காமல் ஆறு விசில் விட்டோம், எங்களுக்கும் வேகவில்லை. 8 மணி நேரம் ஊறவைத்து, 1க்கு 4 தண்ணீர் வைத்து ஆறு விசில் விட்டோம், நன்றாக வெந்தது. மீதி அரிசியை இப்படிச் செய்து பாருங்கள்.

அரிசி விலை ரூ.475, கூரியர் ரூ.160, ஆக ரூ.635 நாளை மாலைக்குள் உங்கள் கணக்குக்கு அனுப்புகிறேன். மீதியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். வாசகத்தையும் படத்தையும் இன்றே மாற்றுகிறேன். சுட்டிக்காட்டியதற்கு நன்றி.”

இதில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். நான் பட்ட கஷ்டம் இல்லை. இயற்கை விவசாயத்தின் பெருமை இல்லை. ரசாயனம் பற்றி அவர் கேட்கவே இல்லை. “உங்கள் மனம் புண்பட்டிருந்தால்” என்ற வழவழப்பும் இல்லை. தவறு என்றால் “தவறு” என்று ஒரு தரம் எழுதினால் போதும். பணம் எவ்வளவு, எந்த நாளுக்குள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். “பார்த்து செய்றோம்” என்பது பதில் ஆகாது.

முழுப் பணமா, பாதியா?

3 கிலோ அவரிடம் நல்லபடியாக இருக்கும்போது முழுப் பணம் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். என் கணக்கு இது. மூன்றாவது விஷயம் மட்டும் புகாராக இருந்திருந்தால் பணம் தந்திருக்க மாட்டேன், சமைக்கும் முறை மட்டும் சொல்லியிருப்பேன். ஆனால் புழுங்கல் என்று தெரிந்திருந்தால் அவர் வாங்கியே இருக்க மாட்டார். வாங்கும் முடிவையே மாற்றியிருக்கும் தகவல் தப்பாகவோ விட்டோ போயிருந்தால் முழுப் பணம், மற்றதற்கு விளக்கம். இதுதான் நான் வைத்திருக்கும் கோடு.

சட்டமும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளைத் தவறாக வர்ணிப்பது மட்டுமல்ல, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறாக வழிநடத்தும் விளம்பரம்தான். மற்றவர் நடத்தும் இணையச் சந்தையில் விற்கிறவர்களுக்கு 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இருக்கின்றன. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால், விற்றவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும்.

வாசகம் இப்போது

அன்று சாயங்காலமே மாற்றியது இது: “மாப்பிள்ளைச் சம்பா புழுங்கல் அரிசி. இந்தத் தை மாத அறுவடை. மில்லில் உமி மட்டும் நீக்கியது, தவிட்டோடு இருக்கும். சோறு, கஞ்சிக்கு ஏற்றது. புட்டு மாவுக்கு ஏற்றதல்ல. 8 மணி நேரம் ஊறாமல் வேகாது. படம் இந்த அரிசியையே பகலில் எடுத்தது.” ஊறவைக்கும் குறிப்பைப் பைக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டில் போடுகிறோம். ஏனென்றால் வாங்கும்போது வாசகத்தைப் படிப்பவர் ஒருவர், அடுப்பில் வைப்பவர் வேறொருவர்.

“புட்டுக்கு ஏற்றதல்ல” என்று போட்ட பிறகு சிலர் வாங்காமல் போயிருக்கலாம். போகட்டும், அவர்கள் நம் அரிசிக்கு உரியவர்கள் அல்ல. கோவை அம்மா அந்த 3 கிலோவை ஊறவைத்துக் கஞ்சி வைத்ததாக இரண்டு வாரம் கழித்து எழுதினார். கூடவே ஒரு கேள்வி: “அடுத்த தை மாசம் பச்சரிசியா அரைச்சா 2 கிலோ எடுத்து வைப்பீங்களா?” நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.