டொலர் ஏறினால் விலை எவ்வளவு ஏறும்? ஆய்வுச் சுருக்கத்தை எழுதும் முறை

நாணய மாற்று வீதம் மாறும்போது அதில் எவ்வளவு உள்நாட்டு விலைவாசியில் வந்து சேர்கிறது என்பது முதுகலை மாணவர்கள் விரும்பி எடுக்கும் தலைப்பு. இலங்கையை எடுத்துக்கொண்ட ஒரு மாணவியின் சுருக்கம் அண்மையில் என் மேசைக்கு வந்தது. இருநூறு சொற்களில் நூற்று இருபது சொற்கள் பணவீக்கம் ஏன் முக்கியம் என்பதற்கே போய்விட்டன. கடைசி வரி இது: "ரூபாயின் தேய்வு பணவீக்கத்தில் குறிப்பிடத்தக்க தாக்கத்தை ஏற்படுத்துகிறது." எவ்வளவு தாக்கம், எத்தனை மாதத்தில் என்ற இரண்டும் அதில் இல்லை. எட்டு மாத உழைப்பு அந்த வரிக்குள் காணாமற் போயிருந்தது.

ஆகவே முதலில் முடிவு வாக்கியத்தை எழுதுங்கள். மற்ற வாக்கியங்கள் எல்லாம் அதைத் தாங்குவதற்குத்தான். அந்த வாக்கியத்தில் மூன்று விடயங்கள் இருக்க வேண்டும்: மாற்று வீதம் எவ்வளவு மாறினால், எத்தனை மாதத்தில், எந்த விலைச் சுட்டெண் எவ்வளவு ஏறுகிறது. கால அளவைச் சொல்லாமல் "கடத்தல் விகிதம் 0.3" என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. மூன்று மாதத்தில் 0.3 என்றால் வேகமான கடத்தல். இரண்டு ஆண்டில் 0.3 என்றால் மெதுவான கடத்தல்.

அடுத்ததாக, மாற்று வீதத்தை எந்தப் பக்கத்திலிருந்து அளந்தீர்கள் என்று பாருங்கள். அதிகம் பேர் வழுக்குவது இங்கேதான். 2021 இறுதியில் ஒரு டொலர் 200.43 ரூபாய், 2022 இறுதியில் 363.11 ரூபாய். டொலரின் விலை 81 சதவீதம் ஏறியது என்று சொல்லலாம். ரூபாயின் பெறுமதி 45 சதவீதம் தேய்ந்தது என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. மடக்கை வேறுபாட்டில் கணக்கிட்டால் 59 வரும், அதுவும் சரி. சிறிய மாற்றங்களில் இந்த மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால் பிரச்சினை கண்ணில் படாது. 2022 போன்ற ஆண்டில் ஒரே விலையேற்றத்தை 81ஆல் வகுப்பதற்கும் 45ஆல் வகுப்பதற்கும் கிட்டத்தட்ட இரு மடங்கு வித்தியாசம். "ஒரு டொலருக்கான ரூபாய்" என்ற மூன்று சொற்களைச் சேர்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, உங்கள் எண் வெறும் வகுத்தலா, மதிப்பீடா என்பது வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும். இதை மாணவர்களுக்கு ஒரு லீற்றர் பெற்றோலை வைத்துத்தான் விளக்குவேன். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒக்டேன் 92 பெற்றோல் 177 ரூபாய். ஜூன் இறுதியில் 470. அதே காலத்தில் டொலர் ஏறத்தாழ 200இலிருந்து 360க்குப் போனது, அதாவது 1.8 மடங்கு. டொலரின் ஏற்றம் ஒரு சதம் குறையாமல் பெற்றோலில் ஏறியிருந்தாலும் விலை 319 ரூபாயில் நின்றிருக்கும். மிச்சம் 151 ரூபாய்க்கு மாற்று வீதம் பொறுப்பல்ல. உலகச் சந்தையில் மசகு எண்ணெய் விலை உயர்ந்திருந்தது. அதற்கு முன் நட்டத்தில் அடக்கிவைத்திருந்த விலையும் அப்போதுதான் அவிழ்ந்தது. முழு விலைச் சுட்டெண்ணிலும் இப்படியே கலந்து கிடக்கும். 2021இன் இரசாயன உரத்தடை நெல் விளைச்சலைக் குறைத்தது. 2022 ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டபோது அதற்குள் இவை அனைத்தும் இருந்தன. அந்த எண்ணை டொலரின் ஏற்றத்தால் வகுத்து "கடத்தல்" என்று பெயரிட்டால் பரீட்சகர் முதலில் கை வைப்பது அங்கேதான்.

அதனால் முறை பற்றிய வாக்கியத்தில் மாதிரியின் பெயர் மட்டும் போதாது; எவற்றைப் பிரித்தெடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கள். இந்தத் துறையில் பலர் பின்பற்றுவது மக்கார்த்தியின் வரிசை: எண்ணெய் விலை, உற்பத்தி இடைவெளி, மாற்று வீதம், இறக்குமதி விலை, உற்பத்தியாளர் விலை, கடைசியில் நுகர்வோர் விலை. முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை அதே மாதத்தில் பாதிக்கலாம், பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை அதே மாதத்தில் பாதிக்காது என்பது இதன் எடுகோள். சுருக்கத்தில் வரிசை முழுவதும் வேண்டாம். "எண்ணெய் விலையையும் உற்பத்தி இடைவெளியையும் கட்டுப்படுத்திய பின்" என்ற ஒரு தொடர் போதும்.

நான்காவது, உங்கள் எண் எந்த மாதங்களிலிருந்து வருகிறது என்று நேர்மையாகப் பாருங்கள். 2022 மார்ச்சில் மத்திய வங்கி பிடியைத் தளர்த்தும்வரை பல மாதங்களாக டொலர் 200 சொச்சத்திலேயே நின்றது. மே மாதத்துக்குப் பின் 360ஐ ஒட்டி நின்றது. நடுவே ஒரு செங்குத்து. பத்தாண்டுத் தரவு என்று எழுதினாலும் முடிவை நிர்ணயிப்பது பெரும்பாலும் அந்த மூன்று மாதங்கள்தான். சோதிப்பது எளிது: தரவை 2022 பெப்ரவரியோடு நிறுத்தி மறுபடி மதிப்பிடுங்கள். இரண்டு எண்களும் வெகு தூரம் விலகினால் அதை மறைக்கக் கூடாது. என் பார்வையில் ஆய்வின் மிக நல்ல பகுதியே அதுவாக இருக்கலாம். 2018இல் டொலர் ஏறத்தாழ 153இலிருந்து 183க்கு ஏறியும் ஆண்டிறுதிப் பணவீக்கம் 3 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தது. அப்போது கொஞ்சமும் 2022இல் நிறையவும் கடந்ததா, இல்லை மற்ற காரணிகள் 2018இல் எதிர்த்திசையில் இழுத்தனவா? பணவீக்கம் தாழ்ந்திருக்கும் சூழலில் கடத்தலும் தாழும் என்று ஜோன் டெய்லர் 2000இல் முன்வைத்த கருத்துக்கு இது நல்ல உரைகல். மாணவியின் கேள்வியை நாங்கள் இதற்கே சுருக்கினோம்.

இவ்வளவும் முடிந்த பிறகு மேலிருந்து கீழாகக் கோத்தால் சுருக்கம் தானாக வந்துவிடும். அவள் கடைசியாகக் கொண்டுவந்தது ஏறத்தாழ இப்படி இருந்தது. எண்களின் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அங்கே உங்கள் மதிப்பீடு வர வேண்டும்.

"மாற்று வீத மாற்றம் இலங்கையின் நுகர்வோர் விலைகளுக்கு எவ்வளவு கடக்கிறது, 2022 நெருக்கடியில் அந்த அளவு மாறியதா என்பதை இவ்வாய்வு ஆராய்கிறது. 2014 முதல் 2023 வரையான மாதாந்தத் தரவில் வெக்டர் ஒட்டோரிகிரெஷன் மாதிரி பயன்படுத்தப்பட்டது. எண்ணெய் விலையையும் உற்பத்தி இடைவெளியையும் கட்டுப்படுத்திய பின், ஒரு டொலருக்கான ரூபாய் 10 சதவீதம் ஏறினால் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 12 மாதத்தில் ____ சதவீதம் ஏறுகிறது. 2022 பெப்ரவரி வரையான தரவில் மட்டும் இது ____ சதவீதம். எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் அரசே விலை தீர்மானித்ததால் கடத்தலின் வேகத்தைச் சந்தை எதிர்வினையாக மட்டும் கொள்ள முடியாது."

கடைசி வாக்கியத்தில் ஆய்வின் மட்டுப்பாட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறாள் என்பதைக் கவனியுங்கள். "தரவுக் குறைபாடுகள் உள்ளன" என்று பொதுவாக எழுதினால் எந்த ஆய்வுக்கும் பொருந்தும்; எனவே அந்த இடம் வீண்.

ஒப்படைப்பதற்கு முதல்நாள் சுருக்கத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் முடிவு அத்தியாயத்தின் அட்டவணையில் விரலை வைத்துத் தேடுங்கள். மேற்பார்வையாளர் சொல்லி ஒரு பின்தங்கல் மாதத்தைக் கூட்டியபோது அட்டவணை மாறியிருக்கும். சுருக்கத்தில் மட்டும் பழைய எண் அப்படியே கிடக்கும்.