கையில எவ்வளவு வரும்? - ஒரு வேலைக் கடிதத்தைத் திருத்தி எழுதிய கதை



கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? கம்பெனி பெயரைப் பார்க்கிறோம், நம் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறோம், சம்பளத் தொகையைப் பார்க்கிறோம். அப்புறம் மடித்து சாமி படத்துக்கு முன்னால் வைத்து விடுகிறோம். மீதி இரண்டு பக்கத்தை யாரும் படிப்பதில்லை. படித்தாலும் புரிவதில்லை. அந்த இரண்டு பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சென்ற ஆண்டு கோவையில் பம்பு செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் இன்பிளான்ட் டிரெயினிங் போயிருந்தேன். மூன்று வாரம் மெஷின் ஷாப், கடைசி ஒரு வாரம் பர்சனல் ஆபீஸ். அங்கே இருந்த பர்சனல் ஆபீசர் என் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து, "தம்பி, இதைப் படிச்சுட்டு உனக்கு என்ன புரிஞ்சதுன்னு சொல்லு பார்க்கலாம்" என்றார். அது டிப்ளமோ மாணவர்களுக்கு அவர்கள் அனுப்பும் ஆஃபர் லெட்டர். முழுக்க இங்கிலீஷ். இரண்டு முறை படித்தும் முழுதாகப் புரியவில்லை என்று உண்மையைச் சொல்லி விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அதற்கு முந்தின வருடம் நடந்ததைச் சொன்னார். தாராபுரம் பக்கத்துப் பையன் ஒருவன், நல்ல மார்க், இன்டர்வியூவில் முதலாவதாக வந்தவன். கடிதத்தில் "ஒரிஜினல் டிப்ளமோ சான்றிதழைச் சமர்ப்பிப்பதற்கு உட்பட்டே பணியில் சேர அனுமதி" என்று ஒரு வரி. டிப்ளமோ சான்றிதழ் ரிசல்ட் வந்து பல மாதம் கழித்துத்தான் கைக்கு வரும் என்பது நமக்குத் தெரியும். அவன், சான்றிதழ் இல்லாமல் போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பி விடுவார்கள் என்று நினைத்து வீட்டிலேயே இருந்து விட்டான். சேர வேண்டிய தேதி போயிற்று. இடம் வேறொருவருக்குப் போயிற்று. உண்மையில் புரொவிஷனல் சர்டிபிகேட்டே கம்பெனிக்குப் போதும். "ஒரே ஒரு வரியில ஒரு பையனோட வேலை போச்சு தம்பி. இந்தத் தடவை தமிழ்லயும் ஒரு காப்பி சேர்த்து அனுப்பணும். நீ எழுது, நான் திருத்தறேன்" என்றார்.

முதலில் செய்த தப்பு

நான் எழுதிய முதல் காப்பியை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "எங்கள் குடும்பத்தில் ஒருவராக உங்களை இரு கரம் கூப்பி வரவேற்கிறோம்" என்று ஆரம்பித்து, பயமுறுத்தும் நிபந்தனைகளை எல்லாம் எடுத்து விட்டேன். ஆபீசர் படித்துப் பார்த்து விட்டு, "கல்யாணப் பத்திரிகை மாதிரி நல்லாத்தான் இருக்கு. ஆனா அரியர் வெச்சிருக்கிற பையன் இதை நம்பி மூட்டை முடிச்சோட வந்து இறங்கினா நான் என்ன சொல்றது?" என்று கேட்டார்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. நிபந்தனையை ஒளித்து வைப்பது மரியாதை ஆகாது. ஒவ்வொரு நிபந்தனைக்கும் மூன்று விஷயம் எழுத வேண்டும் என்றார் அவர்: யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், செய்ய முடியாவிட்டால் என்ன ஆகும். பிறகு, "கடிதம் போனதும் வீட்ல அம்மா அப்பா என்ன கேப்பாங்க? அந்த வரிசையிலயே எழுது" என்றார். என் அம்மா கேட்பதையே எழுதி வைத்தேன். கையில எவ்வளவு வரும்? வேலை நிரந்தரமா? எப்போ போகணும், என்ன எடுத்துட்டுப் போகணும்?

சம்பளம்

பழைய கடிதத்தில் ஒரே ஒரு தொகை இருந்தது: ஆண்டுக்கு ரூ.2,15,688, "கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு" என்று. பன்னிரண்டால் வகுத்தால் 17,974. பதினெட்டாயிரம் சம்பளம் என்று ஊரெல்லாம் சொல்லி விடுவோம். ஆனால் அதில் மாதச் சம்பளம் 14,000 தான். மீதியில் கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,680, இ.எஸ்.ஐ. 455. வருடம் ஒரு முறை தரும் போனஸை மாதக் கணக்காக்கி 1,166. கிராஜுவிட்டிக்காக ஒதுக்கி வைப்பது 673. இதெல்லாம் பொய்க் கணக்கு அல்ல, ஆனால் மாதா மாதம் கைக்கு வராது. 14,000 ரூபாயிலும் நம் பங்கு பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம் பிடித்தம் போக 12,215 தான் கையில் வரும். 17,974 என்று நம்பி நாலாயிரம் வாடகையில் ரூம் பார்த்தவன் கதி என்ன!

தகுதிகாண் காலம்

ப்ரொபேஷன் பற்றிப் பழைய கடிதம் சொன்னது: "ஆறு மாதம், நிர்வாகத்தின் விருப்பப்படி நீட்டிக்கப்படலாம், காரணம் கூறாமல் எந்நேரமும் விலக்கப்படலாம்." ஆறு மாதம் முடிந்த மறுநாள் நாம் நிரந்தரமா இல்லையா? கடிதம் வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதம் ஆனால் தானாக நிரந்தரம் ஆகி விடும் என்று பலர் நினைக்கிறோம். ஆனால், எழுத்தில் உறுதி செய்யும் வரை ப்ரொபேஷன்தான் தொடர்கிறது என்றே கம்பெனிகள் பொதுவாக வைத்துக் கொள்கின்றன.

இதை நான் தெளிவாக எழுதப் போய், தெளிவாக எழுத அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. எத்தனை முறை நீட்டிக்கலாம் என்று கம்பெனியே முடிவு செய்திருக்கவில்லை. ஆபீசர் மேனேஜரிடம் போய்ப் பேசினார். ஒரே முறை, மூன்று மாதம் மட்டும் என்று முடிவாயிற்று. நோட்டீஸை 15 நாளிலிருந்து 30 நாளாக்கக் கேட்டோம். அதற்கு மேனேஜர் சம்மதிக்கவில்லை. சரி, 15 நாள் என்றே எழுதினோம்.

சேருவதற்கு முன்னால்

இங்கேயும் ஒரு ஓட்டை கண்டுபிடித்தோம். பழைய கடிதப்படி முதலில் வேலையில் சேர வேண்டும், அப்புறம் மெடிக்கல் டெஸ்ட். பேனல் ஒயரிங் செக்ஷனில் நிறம் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நிறக்குருடு இருப்பது ஒரு பையனுக்கே தெரியாமல் இருக்கலாம். அவன் செய்து கொண்டிருந்த சின்ன வேலையையும் விட்டு விட்டு வந்து சேர்ந்த பிறகு, "நீ தகுதி இல்லை" என்றால்? அதனால் டெஸ்ட்டை முன்னால் கொண்டு வந்தோம். ஒரிஜினல் சான்றிதழ்களை ஆபீசில் வைத்துக் கொள்ளும் பழக்கத்தையும் நிறுத்தினோம்.

கடைசியில் போன கடிதம் இதுதான்:

*அன்புடையீர்,*

*எங்கள் தொழிற்சாலையில் டிப்ளமோ டிரெயினியாக உங்களைத் தேர்ந்தெடுத்துள்ளோம். நீங்கள் சேரும் நாள் ஜூலை 15, காலை 8 மணி. உங்களை எதிர்பார்த்திருக்கிறோம்.*

*இந்த வேலை உறுதியாவதற்கு மூன்று விஷயங்கள் நடக்க வேண்டும்.*

*1. ஏப்ரல் தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேறியிருக்க வேண்டும். அரியர் இருந்தால் இந்த முறை சேர இயலாது. தேறியதும் எங்களுக்கு எழுதுங்கள், இடம் இருந்தால் அழைக்கிறோம்.*

*2. ஜூலை 7 அன்று எங்கள் டாக்டரிடம் மெடிக்கல் டெஸ்ட். செலவு எங்களுடையது. முடிவை ஜூலை 9க்குள் தெரிவிப்போம். அதுவரை இப்போது பார்க்கும் வேலையை விட்டு விடாதீர்கள்.*

*3. ஜூலை 15 அன்று மார்க் ஷீட், புரொவிஷனல் சர்டிபிகேட், ஆதார், பான் கார்டு, பாங்க் பாஸ்புக் ஆகியவற்றின் ஒரிஜினலும் ஒரு நகலும் கொண்டு வாருங்கள். ஒரிஜினலைப் பார்த்து விட்டு அன்றே திருப்பித் தருவோம். புரொவிஷனல் வரவில்லை என்றால் உங்கள் பிரின்சிபாலிடம் ஒரு கடிதம் வாங்கி வந்து சேரலாம். 90 நாட்களுக்குள் சர்டிபிகேட்டைக் காட்டினால் போதும். டிப்ளமோ சான்றிதழ் இப்போது தேவையில்லை.*

*மாதச் சம்பளம் (அடிப்படையும் பஞ்சப்படியும்) ரூ.14,000. பி.எஃப். ரூ.1,680, இ.எஸ்.ஐ. ரூ.105 பிடித்தம் போக, மாதம் முழுவதும் வேலைக்கு வந்தால் கையில் கிடைப்பது ரூ.12,215. இது தவிர நாங்கள் எங்கள் பங்காக பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுகிறோம். போனஸ் வருடம் ஒரு முறை. கிராஜுவிட்டி அதற்குரிய சர்வீஸ் முடித்த பிறகு. எங்கள் பங்கையும் போனஸையும் கிராஜுவிட்டியையும் சேர்த்தே இங்கிலீஷ் கடிதத்தில் ரூ.2,15,688 என்று உள்ளது.*

*முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். மூன்றாம் மாத முடிவில் உங்கள் சூப்பர்வைசர் உங்களோடு உட்கார்ந்து, எது சரி, எதைத் திருத்த வேண்டும் என்று சொல்வார். ஆறு மாதம் முடிவதற்குள் எழுத்து மூலம் பதில் தருவோம்: நிரந்தரம், அல்லது ஒரே முறை மூன்று மாத நீட்டிப்பு, அல்லது விடுவிப்பு. இந்தக் காலத்தில் நீங்கள் விலகுவதானாலும் நாங்கள் விடுவிப்பதானாலும் 15 நாள் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.*

*சம்மதம் என்றால் ஜூன் 10க்குள் கையெழுத்திட்டு ஒரு காப்பியை அனுப்புங்கள். சந்தேகம் எதுவானாலும் பர்சனல் ஆபீசைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.*

பரீட்சை

கடிதத்தை அனுப்பும் முன் ஆபீசர் ஒரு காரியம் செய்தார். கேன்டீனில் டீ குடித்துக் கொண்டிருந்த ஒரு ஹெல்பரைக் கூப்பிட்டு, பத்தாவது படித்த அந்த அண்ணனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பிறகு கடிதத்தை வாங்கி வைத்துக் கொண்டு கேள்வி கேட்டார். கையில் எவ்வளவு? "பன்னெண்டாயிரத்து இருநூத்திப் பதினஞ்சு." டிப்ளமோ சான்றிதழ் வேணுமா? "இப்ப வேண்டாமுங்க." எல்லாம் சரி. போகும்போது அவரே திருப்பி ஒன்று கேட்டார்: "நிரந்தரம் ஆனா சம்பளம் ஏறுமுங்களா?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். அது கடிதத்தில் இல்லை! ஏறாது என்பதுதான் பதில். "நிரந்தரமானதும் சம்பளம் தானாக உயராது, வருட உயர்வு ஏப்ரலில்தான்" என்று ஒரு வரி சேர்த்தோம். கேட்க இனிப்பாக இல்லாத வரிதான். ஆனாலும் ஏழாவது மாதம் சம்பளக் கவரைப் பார்த்து ஏமாறுவதை விட மே மாதமே தெரிந்து கொள்வது மேல்.

பதினொரு பேருக்குக் கடிதம் போயிற்று. ஜூலையில் நான் போன் செய்து விசாரித்தபோது, ஒன்பது பேர் சரியான பேப்பரோடு வந்து சேர்ந்து விட்டார்கள் என்றார் ஆபீசர். ஒருவனுக்கு ஒரு பாடம் போய் விட்டது. அவனே போன் செய்து சொல்லி விட்டானாம். இன்னொரு பையன் புரொவிஷனல் வரவில்லை என்று பிரின்சிபால் கடிதத்தோடு வந்தானாம். "சேர்த்துக்கிட்டீங்களா சார்?" என்றேன். "கடிதத்துல எழுதியிருக்கே தம்பி, சேர்த்துக்காம இருக்க முடியுமா?" என்றார்.

நண்பர்களே, நம் கைக்கு வரும் கடிதம் இவ்வளவு தெளிவாக இருக்காது. அதனால் கையெழுத்துப் போடும் முன் நீங்களே கேட்டு விடுங்கள்: பிடித்தம் போகக் கையில் எவ்வளவு? ப்ரொபேஷன் கடைசி நாளில் என்ன கடிதம் கிடைக்கும்? புரொவிஷனல் போதுமா? பதிலை வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். அப்புறம் சாமி படத்துக்கு முன்னால் வையுங்கள்.