ஓஃபர் வந்த பிறகுதான் கசியும்

இந்தக் கிழமை எபிசோட்டில நேரம் போதாமல் விட்ட ஒரு விசயம். வேலையில இருந்துகொண்டே வேறு இடத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள். உங்கட மனேஜருக்கு அது தெரியக்கூடாது. என்ன செய்யலாம்?

"இப்ப வேலை செய்யிற இடத்தோட தொடர்புகொள்ள வேண்டாம்" என்று ரெக்ரூட்டரிடம் முதல் கோலிலயே சொல்லலாம். அவைக்கு இது பழகின வேண்டுகோள், காரணம் சொல்லவும் தேவையில்லை. ஆனால் கதை கசியிற இடம் பெரும்பாலும் அதுக்குப் பிறகுதான் வரும்.

ஒரு உதாரணம் பாப்பம். ஸ்காபரோவில ஒரு டெவலப்பர், நாலு வருசமா ஒரே கொம்பனி. புது ஓஃபர் வருது, ஆனால் பின்னணிச் சோதனை சரிவர வேணும் என்ற நிபந்தனையோட. இந்தச் சோதனையைப் பல கொம்பனிகள் வெளி நிறுவனம் ஒன்றிடம் குடுத்துவிடும். ரெக்ரூட்டரிடம் சொன்னது அங்க போய்ச் சேராமல் விடலாம். அவை அனுப்புற ஒன்லைன் படிவத்தில ஒவ்வொரு வேலைக்கும் கீழ May we contact this employer? என்று கேட்டிருக்கும். அவசரத்தில Yes அழுத்தினால், அடுத்த நாள் உங்கட எச்.ஆருக்குக் கோல் போகும். பதவியும் திகதியும்தான் கேட்பினம். அந்தக் கோலே காணும்.

அதனால படிவத்தைத் திறக்க முதல் ரெக்ரூட்டருக்கு ஒரு ஈமெயில் போடுங்கோ. நான் ராஜினாமாக் கடிதம் குடுக்கும்வரை இப்போதைய இடத்தைக் கேட்க வேண்டாம். அதுக்குப் பதிலாக வேலைக் கடிதம், T4, கடைசிப் பே ஸ்டப் தாறன். ரெஃபரன்ஸுக்கு முந்தின மனேஜரும், இங்கயிருந்து விலகிப்போன ஒரு சக ஊழியரும் இருக்கினம் என்று எழுதுங்கோ. T4 போன வருசத்தை மட்டும்தான் காட்டும், இன்னும் வேலையில இருக்கிறதைப் பே ஸ்டப்தான் காட்டும். ரெண்டையும் அனுப்ப முதல் SIN நம்பரை மறையுங்கோ. பிறகு படிவத்தில No அழுத்தி, குறிப்புப் பெட்டி இருந்தால் இதையே எழுதுங்கோ.

"இல்லை, கட்டாயம் கேட்கத்தான் வேணும்" என்றால்? மற்றச் சோதனை எல்லாம் முடிஞ்சு, மிச்ச நிபந்தனைகள் நீங்கினதாக எழுத்தில வாங்குங்கோ. அதுக்குப் பிறகு ராஜினாமா. கடைசிக் கோல் பதவி, திகதியோட நிக்க வேணும் என்றும் எழுத்தில கேளுங்கோ. நிபந்தனை நிக்கேக்க வேலையை விட்டால், ஏதாவது பிழைச்சால் ரெண்டு வேலையும் இல்லை.

ஒஃபிஸ் லப்டொப்பில இதொண்டும் வேண்டாம். 2022 ஒக்டோபரிலிருந்து ஒன்ராறியோவில 25 பேரோ அதுக்கு மேலயோ உள்ள கொம்பனிகள், ஊழியரை மின்னணு முறையில கண்காணிக்கினமோ என்பதை எழுத்தில சொல்ல வேணும். சொல்லத்தான் வேணும், கண்காணிக்கிறதை அந்தச் சட்டம் தடுக்கேல்லை. லிங்க்ட்இனில Open to work போட்டால் Recruiters only தெரிவு செய்யுங்கோ. உங்கட கொம்பனி ரெக்ரூட்டர்களுக்கு அதைக் காட்டாமல் இருக்க முயல்வதாகச் சொல்லுகினம், ஆனால் முழு உத்தரவாதம் தரேல்லை.

மற்றது, ஸ்காபரோ சின்ன ஊர். அம்மாவுக்குச் சொல்லுறதை ஓஃபரில கையெழுத்து வைச்ச பிறகு வைச்சுக்கொள்ளுங்கோ.